நாற்பதாவது படிக்கு மேல்

கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு அதிகச் சூட்டில் களைத்துப்போகிறது என்பது எங்கள் கைடின் கண்டுபிடிப்பு. கண்டுபிடித்தவன் நான்தான் என்று துறை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தாராள மனசுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு இஷ்டத்துக்குச் சுழலாது. அதன் சுழற்சி ஆற்றல் படிப்படியாகத்தான் ஏறும். எந்தப் படிக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்று எடைபோட்டுக் கூட்டினால் கிடைப்பதுதான் சுழற்சிக்கான பார்ட்டிஷன் ஃபங்ஷன். சூடு நன்றாக ஏறிவிட்டால், படிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி அதன் முன்னால் ஒரு பொருட்டே இல்லை. கூட்டலைத் தூக்கிப்போட்டுத் தொகையீடு செய்துவிடலாம். ஃபங்ஷன் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் வளரும்; வெப்ப ஏற்புத்திறனில் சுழற்சியின் பங்கு, மோலுக்கு ஒரு ஆர், அதாவது வாயு மாறிலி. அதற்குமேல் எவ்வளவு காய்ச்சினாலும் அதே ஆர்தான். வரைபடத்தில் கோடு நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கும்.

கம்ப்யூட்டர் புரோகிராமில் படிகளைக் கூட்டி நான் வரைந்த கோடு அறை வெப்பநிலையில் ஒழுங்காகப் படுத்தது. ஆயிரம் கெல்வினில் முக்கால் ஆரை ஒட்டி இறங்கியது. மூவாயிரத்தில் ஆறில் ஒரு பங்குதான் மிச்சம். இதைத்தான் கைடு களைப்பு என்றார்.

"தொகையீடு போட்டா ஆர் வருது சார். எங்கயோ தப்பு இருக்கு" என்று அவரிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

"தொகையீடு தோராயம்யா. நீ போட்டது நேரடிக் கூட்டல். தோராயத்த நம்பி நிஜத்த சந்தேகப்படுவியா?"

கேட்கும்போது எனக்கே நியாயமாகத்தான் பட்டது. இந்த நியாயத்தின் மேல்தான் என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் நின்றது. அத்தியாயத்தின் மேல் பட்டம். பட்டம் வந்தால் வேலை தருவதாக ஒரு கல்லூரி சொல்லியிருந்தது. வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாகவும் அதே மரியாதையோடு சொல்லியிருந்தது.

ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் துறையில் ஒரு கருத்தரங்கு நடத்தியாக வேண்டும். கருத்தரங்கு நாள் காலை, படம் ஒன்று குறைகிறதே என்று, மூவாயிரம் கெல்வினில் எந்தப் படியில் எவ்வளவு கூட்டம் என்று வரைந்து பார்த்தேன். இருபத்து மூன்றாவது படி வாக்கில் உச்சம். பிறகு மெல்லச் சரிவு. நாற்பதாவது படியில் இன்னும் உச்சத்தின் பாதிக்கு மேல் கூட்டம். நாற்பத்தொன்றில் ஈ காக்கை இல்லை. சுவர் வைத்தது போல் நின்றுவிட்டது.

புரோகிராமைத் திறந்தேன். கூட்டல் நாற்பதோடு முடிந்தது. மூலக்கூறு களைக்கவில்லை, ஏறப் படி இல்லாமல் நின்றிருக்கிறது. ஏற இடமில்லாதவன் கூடுதல் வெப்பத்தை வாங்கி எங்கே வைப்பான்?

எண்பது என்று மாற்றினேன். சரிவு அதிகச் சூட்டுப் பக்கமாக ஒதுங்கியது. நானூறு போட்டேன். கோடு கடைசிவரை படுத்துவிட்டது.

கைடு அறைக்கு ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன்.

"நாற்பதுன்னு யார் போட்டது?"

"எனக்கு முன்னாடி ஆய்வு பண்ண சீனியர் அண்ணன் சார். அவரு முந்நூறு கெல்வினத் தாண்டல. அங்க நாற்பது தாராளம். அப்படியே காப்பியடிச்சது என் தப்பு."

"நானூறு போட்டா?"

"படுத்துருச்சு சார்."

"எது?"

"முதல்ல கோடு. அப்புறம் அத்தியாயம்."

கைடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னிக்கு மட்டும் நாற்பதுலயே இருக்கட்டுமே. யாரு எண்ணப்போறா?"

யாரும் எண்ணமாட்டார்கள்தான். ஆனால் பட்டம் வாங்கிக்கொண்டு போய் வகுப்பில் 'ஆர்' என்று கரும்பலகையில் எழுதப்போகிறவனும் நான்தான். கருத்தரங்கில் நாற்பது, எண்பது, நானூறு என்று மூன்று கோடுகளையும் ஒரே படத்தில் போட்டேன்.

துறைத்தலைவர் அம்மா கண்ணைச் சுருக்கினார். "கடைசியா என்னதான்பா கண்டுபிடிச்சிருக்க?"

"ஆர், மேடம்."

"அத பி.எஸ்ஸி.யிலயே கண்டுபிடிச்சாச்சே."

"ஆமா மேடம். இப்ப உறுதியாயிருக்கு."

பின்வரிசையில் ஒருவர் இருமினார். சிரிப்பை இருமலாக்கும் கலையில் அவர் அனுபவசாலி.

"மூணாவது அத்தியாயத்த எடுத்துடு. மீதி ரெண்ட வச்சு ஒப்படைக்க முடியாது. புதுசா ஒண்ணு எழுதிட்டு அடுத்த வருஷம் வா" என்றார் துறைத்தலைவர். உண்மையைச் சொன்னதற்காகப் பாராட்டவும் செய்தார். அந்தப் பாராட்டின் விலை ஒரு வருஷம்.

கல்லூரிக்குப் போன் செய்தேன். எதிர்முனையில் இருந்தவர் வருத்தப்பட்டார். வருத்தம் முடிவதற்குள் வேறு ஆளின் பெயரை யாரிடமோ கேட்டார்.

நடைபாதையில் கைடு காத்திருந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"இத நேத்தே சொல்லியிருக்கலாம்லய்யா? கருத்தரங்கத் தள்ளி வச்சிருப்பேனே."

"நேத்து எனக்கே தெரியாது சார்."

"சரி, நாளைக்குத் தெரிஞ்சுக்கிட்டிருக்கலாம்ல?"