கல்லுக்கு மூன்றாம் பொருள்

கண்டி அச்சகமொன்றில் என் அகராதியின் அச்சுப்படியைத் திருத்திக்கொண்டிருந்தேன். பில் புத்தகம் அடிக்க வந்த மாணிக்க வியாபாரி மஹ்ரூப் எட்டிப் பார்த்துக் கொதித்துப்போனார்.

"கல், வி. படி" என்றொரு பதிவு. அதன் கீழே இன்னொன்று: "கல், பெ. 1. பாறைத் துண்டு. 2. எடைக்கல். 3. இரத்தினம்: மஹ்ரூப் விற்ற மோதிரத்தின் கல் பொய்."

"மாஸ்டர், என்ட கடைய மூடவா பாக்கிறீங்க?"

"மஹ்ரூப் நானா, 'வி.'ன்னா வினை, 'பெ.'ன்னா பெயர். நம்பருக்கு ஒரு அர்த்தம். கடைசி வசனம், அந்த அர்த்தத்துல சொல்லு எப்படி வரும்னு காட்டுறதுக்குத்தான். சாட்சி சொல்றதுக்கில்ல. கைக்கு வந்த பேரப் போட்டேன்."

"அப்ப ஒங்கட பேரப் போடுங்க!"

எனக்கும் கோபம் வந்தது. அந்த வசனத்தை அடித்துவிட்டு எழுதினேன்: "சேதுராமன் மோதிரத்தின் கல் பொய்."

அவர் என் விரலிலிருந்த மோதிரத்தைப் பார்த்தார்.

"இது என்ட கடையில வாங்கினதெல்லோ?"

"ஆமா. அசல்தானே, நானா?" மோதிரத்தைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

அவர் அவசரமாக என் கையைப் பொத்தினார்.

"மூணாவதுக்கு வேற வசனம் எழுதுங்க, மாஸ்டர்."