இரண்டே எழுத்து

"உன் பேர் எதுக்கு? உன்னைத்தான் கட்டிக் குடுத்தாச்சே. நீ இப்ப அந்த வீட்டு ஆளு," என்றான் பெரிய அண்ணன், கடிதத்தை உறைக்குள் திணித்தபடி.

கடைக்குட்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா ஓய்வு பெறும் நாளில் பிள்ளைகள் மூவரும் சேர்ந்து ஒரு கடிதம் கொடுக்கலாம் என்று சொன்னது யார்? அவள்தான். வாட்ஸ்அப்பில் யோசனை கேட்டதற்குப் பெரியவன், "நல்லா டச்சிங்கா எழுது" என்று அனுப்பினான். சின்ன அண்ணன் ஒரு கட்டைவிரலை அனுப்பினான். மூன்று பக்கமும் அவளே எழுதினாள். தன் கையெழுத்து மணிமணியாக இருக்கும் என்று பெரியவன் அதை நகலெடுத்து, அடியில் 'இப்படிக்கு, தங்கள் மகன்கள்' என்று போட்டுக்கொண்டான். சமைத்தது ஒருத்தி, சப்புக்கொட்டியது இரண்டு பேர்.

"ஊர்ல எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க," என்றான் சின்னவன். ஊர் என்றைக்கு இவனிடம் வந்து கையெழுத்துப் போட்டுக் காட்டியதோ தெரியவில்லை.

மாலையில் அப்பா வந்தார். அச்சகத்தில் முப்பத்தேழு ஆண்டுகள் பிழை திருத்தியவர். யாராவது கல்யாணப் பத்திரிகையை நீட்டினாலும், வாழ்த்துவதற்கு முன் ஒற்றுப்பிழையை வட்டமிடுகிற பிறவி. செருப்பைக்கூடக் கழற்றாமல் கடிதத்தைப் பிரித்தார். கை தானாகச் சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவுக்குப் போனது.

"இன்னிக்காவது அதை மூடி வைங்களேன்," என்றாள் அம்மா.

"சும்மா படிக்கத்தான் போறேன்," என்றவர் முதல் வரியிலேயே ஒரு 'ப்' சேர்த்தார். இரண்டாம் பத்தியில் அவருக்குக் கண் கலங்கியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு காற்புள்ளியை எடுத்தார். 'நாங்கள் சுவற்றில் கிறுக்கியதைக்கூடத் திருத்தி மார்க் போட்டவர் நீங்கள்' என்ற இடத்தில் பேனா நின்றது.

"சுவற்றில் இல்ல, சுவரில்," என்று நேராகக் கடைக்குட்டியைப் பார்த்தார். "மூணாங்கிளாஸ்லேருந்து இந்தத் தப்பைக் கட்டிக் காப்பாத்துறது நீ ஒருத்திதான்."

இத்தனை நாளில் ஒரு பிழைக்காக அவள் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

"கையெழுத்து என்னுதுப்பா," என்றான் பெரியவன்.

"தெரியுது. தப்பைக்கூட விடாம பாத்து எழுதியிருக்கே." கடைசிப் பக்கத்துக்கு வந்தார். "இவ எங்கே இதுல?"

"வழக்கம் அப்படிப்பா. கட்டிக் குடுத்த பொண்ணு..."

"கட்டித்தானே குடுத்தேன்? பேரை அடிச்சா குடுத்தேன்?"

'மகன்கள்' என்ற சொல்லில் 'ன்', 'க' இரண்டை மட்டும் கோடு போட்டு அடித்தார். ஓரத்தில் சுழித்து, நீக்கக் குறி போட்டார். மிச்ச எழுத்துகளை ஒரு வளைகோட்டால் நெருக்கி இணைத்தார்.

சின்னவன் எட்டிப் பார்த்து வாய்விட்டுப் படித்தான். "இப்படிக்கு, தங்கள் மகள்." பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "அப்போ நாங்கப்பா?"

"அடுத்த பதிப்புல பாக்கலாம்," என்று அப்பா பேனாவை மூடினார். "அதையாவது நீங்களே எழுதுங்க."