முதல்வரைவிட மோசமான கழிவறை

எங்கள் கல்லூரியின் புகார் படிவத்தில் ஒரே ஒரு கோடுதான் உண்டு. 'குறையை ஒரே வரியில் எழுதவும்.' இரண்டாவது வரி எழுதினால் அலுவலகத்தில் வாங்க மாட்டார்கள். இதைக் கண்டுபிடித்த மகராசன் யாரென்று தெரிந்திருந்தால் நானும் ஒரே வரியில் திட்டி முடித்திருப்பேன்.

முதலாண்டுப் பெண் ஒருத்தி, விடுதியே வாயாடி என்று கூப்பிடுகிறவள், அந்தக் கோட்டுக்குள் தன் மொத்த வயிற்றெரிச்சலையும் அடைத்துவிட்டாள்:

'விடுதிக் குழாய், தாழ்ப்பாள், வார்டன் ஆகியவை பழுதாகியுள்ளன, எங்கள் கழிவறை முதல்வரைவிட மோசமாக இருக்கிறது.'

மறுநாளே விசாரணை. அவளுடைய விடுதி இடத்தைப் பறிப்பதா, விடுவதா? தினமும் போய்வருகிற தூரத்தில் இல்லை அவள் வீடு. இடம் போனால் படிப்பும் போச்சு. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் நான் வாங்கியது. அதுவும் இதே மாதிரி ஒரு விடுதிக் கட்டிலில் படுத்துப் படித்துத்தான். இப்போது இங்கே எழுத்துப் பயிற்சி அறையில் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்துகிறேன், தற்காலிகமாக. யாரும் கூப்பிடவில்லை. நானாகவே போய் முதல்வர் அறையில் நின்றேன்.

"என்னைப் பழுதுன்னு எழுதியிருக்கா சார்," வார்டனுக்கு மூச்சு வாங்கியது. "அதுவும் 'ஆகியவை'யாம். நான் என்ன வாளியா, குவளையா?"

"அப்படி நினைச்சு எழுதல மேடம்," என்றாள் வாயாடி. "இடம் பத்தல."

"உங்களுக்காவது பரவாயில்ல," என்றார் முதல்வர். "என்னைக் கழிவறையோட ஒப்பிட்டிருக்கா. அதுலயும் கழிவறைதான் கொஞ்சம் அதிக மோசம்னு எனக்கு ஒரு ஆறுதல் வேற."

வாயாடி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. இரண்டுமே ஆபத்து. நான் புகுந்தேன்.

"சார், இது திமிர் இல்ல, வாக்கியக் கோளாறு. வாரத்துக்கு நூறு கட்டுரையில இதைத்தான் திருத்துறேன். ஒரு வரிசையில அடுக்கினா எல்லாம் ஒரே இனமா இருக்கணும், கடைசில வர்ற வினை எல்லாத்துக்கும் பொருந்தணும். குழாய் பழுதாகும், தாழ்ப்பாள் பழுதாகும். வார்டன் பழுதாக மாட்டாங்க. அவங்களுக்குத் தனி வாக்கியம் வேணும்."

"அப்ப நான்?" என்றார் முதல்வர்.

"ஒப்பிட்டா கழிவறையைக் கழிவறையோடதான் ஒப்பிடணும் சார். உங்க பேருக்குப் பின்னாடி ரெண்டு சொல்லை விட்டுட்டா. அவ்வளவுதான்."

கேட்காமலே அவருடைய மேசையிலிருந்து ஒரு தாளை உருவி எழுதினேன்.

'விடுதிக் குழாயும் தாழ்ப்பாளும் பழுதாகியுள்ளன. வார்டனிடம் பலமுறை சொல்லியும் அவர் நடவடிக்கை எடுக்கவில்லை. எங்கள் கழிவறை முதல்வர் அறைக் கழிவறையைவிட மோசமாக இருக்கிறது.'

வார்டன் எட்டிப் படித்தார். முகம் மாறியது. "சார், முன்னாடி எழுதினதே பரவாயில்ல சார்."

முதல்வர் கடைசி வாக்கியத்திலேயே நின்றுவிட்டார். "என் கழிவறையை நீ எப்பம்மா பாத்த?"

"பாக்கல சார். நல்லா இருக்கும்னு ஒரு நம்பிக்கை," என்றாள் வாயாடி.

"பாக்காமலே ஒப்பிட்டா அதுவும் தப்புதானே?" என்று என் பக்கம் திரும்பினார், என்னைப் பிடித்துவிட்ட மகிழ்ச்சியில்.

"தப்புதான் சார். வாங்க, ரெண்டையும் பாத்துடலாம்."

வேலை போனால் போகட்டும் என்று துணிந்துதான் அப்படிச் சொன்னேன். அவர் எழுந்தே விட்டார்.

அவருடைய கழிவறையில் பளிங்குத் தரை, மடித்து வைத்த துண்டு, எலுமிச்சை வாசனை. வாயாடி சோப்பை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தாள். அங்கிருந்து விடுதிக்குப் போனோம். முதல்வர் மூக்கைப் பிடித்தபடி உள்ளே போய்க் குழாயைத் திருகினார். தண்ணீர் வரவில்லை, குழாய் வந்தது. கையில் குழாயோடு அவர் திகைத்து நிற்க, கதவு தானாக மூடி, தானாகத் திறந்து, திரும்ப மூடியது. வாயாடி ஓடிப்போய் வெளியிலிருந்து பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க சார், பிடிச்சிருக்கேன். இங்க இப்படித்தான், ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளிய நிக்கணும்."

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "ஒப்பீடு சரிதான்."

வெளியே வந்ததும் விசாரணைத் தாளில் 'மாணவி விடுதியில் தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வார்டன் சுவரைப் பார்த்தபடி நின்றார். புகார் படிவத்தில் இன்னும் இரண்டு கோடு போடச் சொல்லிக் கேட்டேன். "பாப்போம்," என்றார், குழாயை என்னிடம் நீட்டியபடி.

அடுத்த நாள் காலையில் பிளம்பர் என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் முதல்வரின் உத்தரவு. அந்தப் படிவத்திலும் ஒரே கோடுதான்.

"குழாயும் தாழ்ப்பாளும் சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவேன் மேடம்," என்று தலையைச் சொறிந்தார். "இது மட்டும் எப்படின்னு தெரியல. உங்களைக் கேக்கச் சொன்னாங்க."

வாங்கிப் பார்த்தேன். 'விடுதிக் குழாய், தாழ்ப்பாள், வார்டன் ஆகியவற்றை உடனே சரிசெய்க.'

சிவப்புப் பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். திரும்ப மூடிவிட்டேன்.

"எழுதியிருக்கறபடியே செஞ்சிடுங்க," என்றேன்.