நான்காம் மாடி அம்பு

ரோஸ்லின் கண் திறக்கும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்டாள். "ஜெஸ்ஸி வந்தாச்சா?"

"வந்துட்டே இருக்கா" என்றான் அவள் கணவன் தேவராஜ். ஐசியூவுக்குள் போன் கூடாதென்று நர்ஸ் அணைக்கச் சொல்லியிருந்தாள். குஷாய்குடா வீட்டிலிருந்து கிளம்பிய தங்கை பதினொரு மணிக்கே ஆஸ்பத்திரிக்குள் நுழைந்துவிட்டாள். அக்காவின் கட்டிலருகே அவள் வந்து நின்றபோது பதினொன்றரை. ரோஸ்லினின் உயிர் போய் ஐந்து நிமிடமாகியிருந்தது.

அழுது ஓய்ந்தபின் ஜெஸ்ஸி சொன்னாள்: "லிப்டுல சரியா நாலாவது மாடியிலதான் அத்தான் இறங்கினேன். படிக்கட்டுப் பக்கத்துல ஐசியூன்னு போர்டு, அம்பு மேல பாக்குது. ஏறிட்டேன். ஏறினா எத்தனாவது மாடின்னு ஒரு சுவத்துலயும் இல்ல. வார்டு வார்டா சுத்தினேன். ஏன் இப்படி வெச்சானுங்க? எவன் கைவேலையோ!"

உப்பலில் தேவராஜுக்குப் போர்டு செய்யும் பட்டறை இருந்தது. போன வருடம் இந்தக் கட்டடத்தின் அத்தனை போர்டும் அவன் செய்ததுதான்.

நேரே போவதற்கு நிமிர்ந்த அம்பு, படியேறுவதற்குச் சாய்ந்த அம்பு என்று பிரித்திருக்க வேண்டும். ஒரே அச்சில் வெட்டினால் வேலை சீக்கிரம் முடியும் என்று இரண்டுக்கும் நிமிர்ந்ததையே போட்டான். மாடி எண்ணை லிப்ட் வாசலில் மட்டும் ஒட்டினான். தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் மூன்றையும் ஒரே பலகையில் நெருக்கியதில் எழுத்து சிறுத்து, இருபது மீட்டர் நடைவழியில் பாதி தூரம் வந்தால்தான் படிக்க முடிந்தது. இடம் தெரியாத ஒருவரை நடக்கவிட்டுச் சோதிப்பதே முறை. அவனே நடந்து பார்த்துவிட்டு, சோதித்தாயிற்று என்று கையெழுத்துப் போட்டான். அவனுக்குத்தான் வழி தெரியுமே.

அன்று உடலுக்காகக் காத்திருந்தபோது, யாரும் பார்க்காத நேரத்தில் அந்தப் போர்டின் மூலையில் இருந்த பட்டறைப் பெயர் ஸ்டிக்கரை நகத்தால் கிள்ளி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மனைவி இறந்த அரை மணிக்குள் அவன் செய்த முதல் காரியம் அது.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்து எல்லோரும் போனபின், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஜெஸ்ஸியிடம் அந்த ஸ்டிக்கரை நீட்டினான். அவள் ஈரக்கையோடு வாங்கிப் படித்தாள். வெகுநேரம் படித்தாள், இரண்டே சொல்தான் அதில்.

"நான்தான்மா" என்றான்.

"நக்கோ, வேணாம் அத்தான். இப்ப ஒண்ணும் பேசாதீங்க."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் அதை மூடிவிட்டுக் கேட்டாள்: "அந்த போர்டு?"

"அங்கதான் இருக்கு. போய் மாத்தினா ஏன்னு கேப்பாங்க. சொல்லணும். அதான்..."

"நாப்பது நாளா?"

அவன் தலை குனிந்தான்.

"நாப்பது நாளா எத்தனை பேர் அந்தப் படி ஏறியிருப்பாங்க அத்தான்?"

அவன் எழுந்து செருப்பை மாட்டினான். அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இருங்க, நானும் வரேன். நடந்து பாக்க ஆள் வேணும்ல."

"உனக்குத்தான் இப்ப வழி தெரியுமே."

அந்த வார்த்தையை விழுங்கியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியபோது ஜெஸ்ஸி வாசலைத் தாண்டியிருந்தாள்.