நான்காம் ஃபிரேமிலிருந்து

சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கம்பெனியில் பிரஸ் மெஷின் பார்த்திபனின் வலது கையை நசுக்கியது. விபத்து அறிக்கைக்காக கேமரா வீடியோவிலிருந்து பூஜ்யத்திலிருந்து தொடங்கி பத்து ஃபிரேமுக்கு ஒன்றாக ஆபீஸ் ஊழியன் ரோஹித் படங்களைப் பிரித்தெடுத்தான். 240ஆம் ஃபிரேமில் பார்த்திபனின் கை அச்சுக்குள் இருந்தது. சூப்பர்வைசர் தீனதயாளனின் விரல் ஸ்டார்ட் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தது.

மேனேஜர் திருநாவுக்கரசு முகம் சுளித்தார்.

"இந்த விரல் எத்தனை ஃபிரேம்ல தெரியுது?"

"238லேருந்து 243 வரைக்கும், சார்."

"அப்போ பூஜ்யத்துலேருந்து ஏன் ஆரம்பிக்கிற? நாலுலேருந்து எடு. அதுவும் பத்துக்கு ஒண்ணுதானே?"

அப்படியே எடுத்தான். 234, அடுத்தது 244. முதலாவதில் விரல் இன்னும் வரவில்லை, அடுத்ததில் போய்விட்டது. படங்கள் சீரான இடைவெளியில் எடுக்கப்பட்டவை என்று அறிக்கையில் எழுதினான். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, கேடுகெட்ட உண்மை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்திபன் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"இன்னா சார், பட்டன அமுக்கினவரு எங்க கீறாரு?"

"கம்ப்யூட்டர் எடுத்ததுப்பா. நாங்க எதையும் மாத்தல."

தவறு தன்னுடையதே என்று பார்த்திபன் ஒப்புக்கொள்ளும் தாளை ரோஹித் நீட்டினான். கட்டுப்போட்ட மொட்டைக் கையைப் பார்த்துவிட்டு மை டப்பாவைத் திறந்தான்.

"இடது கை கட்டைவிரல் போதும்."