பாட்டை மட்டும் நீக்கு

பிடரியிலிருந்து வலது தோள் வரை நரம்பை யாரோ கயிறாகத் திரித்து வைத்தது போல வலித்தது. வீடியோ எடிட்டர் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து நெட்டி முறித்தாள். சத்தம் வந்ததே தவிர வலி போகவில்லை. உட்கார்ந்து செய்கிற வேலைக்கு என்ன வலி என்று அவள் அப்பா கேட்பார். அவர் சிமெண்ட் மூட்டை தூக்கியவர். எதையாவது தூக்கினால்தான் வலிக்க வேண்டும் என்பது அவர் சட்டம்.

"பாத்தியாம்மா அக்கிரமத்தை." அக்கா புருஷன் போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார்.

இல்லாதவர்களுக்கு உதவுவதும், உதவுவதைப் படம் பிடித்து இணையத்தில் போடுவதும் அவர் தொழில். இரண்டாவதுதான் தொழில், முதலாவது அதற்கான மூலப்பொருள். பார்க்கிறவர்கள் யாரோ கேலியாகவோ நிஜமாகவோ 'வள்ளல்' என்று எழுதப்போக, அதையே சட்டைப் பையில் தைத்துக்கொண்டார்.

போனில் இருந்தது உரிமை கோரும் அறிவிப்பு, அவர்கள் பேச்சில் 'க்ளெய்ம்'. தண்ணீர் கேன் சுமக்கும் அம்மாவுக்கு மூன்று சக்கர வண்டி கொடுத்த வீடியோவில் ஓடும் இசை, ஒரு இசை கம்பெனிக்குச் சொந்தம். இனி அந்த வீடியோவின் விளம்பர வருமானம் முழுக்க அவர்களுக்கே போகும்.

"நாற்பது லட்சம் பேர் பாத்திருக்காங்க. அவன் வீட்டுப் பிணத்துக்கா வாசிச்சான் அந்தப் பிடிலை? நாமதான் கடைசியில நன்றின்னு போட்டமே."

"நன்றி போட்டா அனுமதி ஆயிடுமா மாமா? இந்தப் பாட்டு வேணாம்னு அன்னைக்கே சொன்னேன்."

"சுருதியைக் கொஞ்சம் ஏத்திப் போட்டுடேன். மெஷினுக்கு என்ன தெரியப் போகுது?"

"மெஷினுக்குத்தான் தெரியும். ஏத்துனாலும் இறக்குனாலும் பெரும்பாலும் பிடிச்சிடும்."

"பத்து செகண்டு பத்து செகண்டா வெட்டிப் போட்டா விட்டுருவானாமே?"

"எவன் சொன்னான்?"

"எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும் மாட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க."

வள்ளல் நாற்காலியில் விழுந்தார். "சரி, வேற பாட்டு போடு. ஆனா அதே அழுகை வரணும். ஒரு சொட்டு குறையக் கூடாது."

ஏதோ குழாயைக் கழற்றி வேறு குழாய் மாட்டுவது போலச் சொன்னார். அந்த வீடியோவை அவள் இசையின் மேல்தான் வெட்டியிருந்தாள். மத்தள அடி விழும் இடத்தில் காட்சி மாறும். கேன் அம்மா படியேறும்போது ஒற்றைப் பிடில். வண்டியை மூடிய துணியை இழுப்பதற்கு முன் இசை மூச்சுப் பிடித்து நிற்கும், துணி விலகும்போது முப்பது பிடிலும் ஒன்றாக எழும். அந்த எழுச்சி போதிய நேரம் நிற்க வேண்டும் என்பதற்காகவே துணி விழுவதை மெதுவோட்டத்தில் இழுத்திருந்தாள். இசையை உருவினால் மிஞ்சுவது, காரணமில்லாமல் மெதுவாக விழும் ஒரு துணி.

முதலில் காட்சி மாறும் ஒவ்வொரு இடத்திலும் குறி வைத்தாள். பழைய இசையின் தாள வேகத்தை அளந்தாள். காசு கட்டி உரிமம் வாங்கும் இசைக் கிடங்கில் அதே வேகத்தில் தேடினாள். சோகம் என்ற தலைப்பில் ஆயிரக்கணக்கில் கிடந்தன. பாதி, பல் வலிக்கு வாசித்தது மாதிரி இருந்தன. மீதி, தொடங்கும்போதே ஒப்பாரி வைத்தன. சின்னதாகத் தொடங்கிப் பிந்தி விரிவது வேண்டும். மதியம் ஒன்று கிடைத்தது. ஒரே குறை, அது சீக்கிரம் எழுந்துவிட்டது. தாளக்கட்டு முடியும் இடம் பார்த்து வெட்டி, முன்பகுதியை இன்னொரு தடவை ஓடவிட்டு, எழுச்சியைத் தள்ளிக்கொண்டு போய்த் துணிக்கு நேரே நிறுத்தினாள். ஒட்டு தெரியவில்லை.

எழுச்சிக்கு முன்னால் அந்த மூச்சுப் பிடிப்பு மட்டும் இதில் இல்லை. இசையை அங்கே நிறுத்திப் பார்த்தாள். செத்த இடமாக இருந்தது. படம் பிடித்த இடத்தின் சத்தத்தை வைத்து நிரப்பலாம் என்று தோன்றியது. முதல் தடவை வெட்டியபோது அந்தச் சத்தத்தை அடக்கி வைத்துவிட்டுத்தான் வேலை பார்த்தாள். முடிந்ததும், படம் ஊமையாகத் தெரியக் கூடாதென்று மெலிசாக இசைக்கு அடியில் விட்டிருந்தாள். இப்போதுதான் அதைத் தனியாகக் கேட்டாள்.

வள்ளலின் குரல், காலர் மைக்கில் துல்லியமாக. "சீக்கிரம் ஆகட்டும், நாலு மணிக்குள்ள வண்டியைக் கடையில திருப்பி விடணும். அம்மா, நீங்க கைப்பிடியைப் பிடிச்சுட்டு அழுதா போதும். தள்ளாதீங்க, டயர் அழுக்காயிடும்."

கேன் அம்மாவின் குரல் தூரத்திலிருந்து. "அப்ப எனக்கு எப்ப சார் தருவீங்க?"

"தருவோம், தருவோம். மேல பாருங்க."

எடிட்டர் ஹெட்போனைக் கழற்றினாள். படிக்கட்டில் மூச்சிரைப்பு கேட்டது. அது ஹெட்போனில் இல்லை, வெளியில். இந்த ஆபீசுக்கும் தண்ணீர் போடுவது அதே அம்மாதான். ஏழையைத் தேடி வெளியே போக வள்ளலுக்குப் பெட்ரோல் செலவு.

கேன் அம்மா தோளிலிருந்து கேனை இறக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, வண்டி கீழ நிக்குதா?"

"எந்த வண்டி?"

"சார் குடுத்தாரே."

அவள் சிரித்தாள். பல்லில் ஒன்று இல்லை. "அது போன்ல நிக்குது கண்ணு. தெருவுல எல்லாரும், உனக்கென்ன, வண்டிக்காரின்னு கேலி பண்றாங்க. தண்ணி டிப்போக்காரன், வண்டிதான் வந்துடுச்சே, இன்னும் நாலு தெரு சேத்துப் போடுன்னுட்டான். தோள்லயே போட்டுக்கிட்டிருக்கேன்." காலிக் கேனை எடுத்துக்கொண்டு இறங்கினாள். "சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு."

அன்று சாயங்காலமே அக்கா வீட்டில் வைத்துக் கேட்டாள். வள்ளல் கூச்சப்படவில்லை. கூச்சப்படுகிற இடத்தை எப்போதோ வாடகைக்கு விட்டுவிட்டார்.

"அது கடையில காட்சிக்கு வச்சிருந்ததும்மா. வீடியோ ஓடினா வருமானம் வரும், வந்ததும் புதுசா வாங்கித் தரலாம்னு இருந்தேன். இப்பப் பணம் பூரா பாட்டுக்காரனுக்குப் போகுது. வண்டி எங்கேர்ந்து வரும், வானத்துலேர்ந்தா? நீ பாட்டை மாத்து. க்ளெய்ம் போகட்டும். முதல் காசுல வண்டி."

"சத்தியமா?"

"உங்க அக்கா மேல சத்தியம்."

உள்ளேயிருந்து அக்கா கேட்டாள். "அவ்வளவு மலிவா நான்?"

எடிட்டர் வேலையை முடித்தாள். அந்த மூச்சுப் பிடிப்பில் பேச்சை வெட்டிவிட்டு, படிக்கட்டில் பதிவான கேன் அம்மாவின் மூச்சிரைப்பை வைத்தாள். இரண்டு மூச்சு. பிறகு துணி, பிறகு பிடில்கள். காட்சி மாறும் இடங்களில் சிலதை ஒரு இமைப்பு முன்னும் பின்னும் நகர்த்தினாள். பழையதைவிட நன்றாகவே இருந்தது. இசை உரிமத்தின் சீட்டையும் எடுத்து வைத்தாள், யாராவது மறுபடி உரிமை கோரினால் காட்டுவதற்கு.

அக்கா பார்த்தாள். மூச்சிரைப்பு வந்த இடத்தில் முந்தானையை எடுத்தாள்.

வள்ளல் பார்த்தார். "அழுகை வரலையே."

"உங்க பொண்டாட்டி அழுதுக்கிட்டிருக்கா, மாமா."

"அவ சீரியலுக்கும் அழுவா. இதுல அந்தப் பழைய பிடில் இல்லையே." அறுபது தடவை கேட்ட இசையைத் தவிர வேறு எதுவும் அவர் காதில் ஏறாது. "சரி போகட்டும். இதைப் பழசோட இடத்துல போட்டுடு."

"அப்படிப் போட முடியாது. புதுசாத்தான் ஏத்தணும். எண்ணிக்கை சைபர்லேர்ந்து ஆரம்பிக்கும்."

வள்ளலுக்கு மாரடைப்பு வந்தது போல இருந்தது. "நாற்பது லட்சத்தையும் தூக்கிக் குப்பையில போடச் சொல்றியா?" போனைத் தடவினார். க்ளெய்மைத் தொட்டதும் அதிலேயே வழிகள் வந்தன: அந்தப் பகுதியை வெட்டு, சத்தத்தை முழுக்க அடை, வேறு இசை மாற்று, பாட்டை மட்டும் நீக்கு. "இந்தா இருக்கே. பாட்டை மட்டும் எடுத்துட்டுப் பேச்சை விட்டுரும். எண்ணிக்கையும் அப்படியே இருக்கும். இதுக்கா மூணு நாள் உக்காந்து கழுத்தை முறிச்சுக்கிட்ட?"

"மாமா, அதை அமுக்காதீங்க. பாட்டுக்கு அடியில உங்க பேச்சு இருக்கு. கடையில திருப்பணும், டயர் அழுக்காயிடும்னு நீங்க சொன்னது."

"நாற்பது லட்சம் பேருக்குக் கேக்கலையே?"

"பாட்டு மூடியிருந்துச்சு. நீங்க மூடியைத்தான் எடுக்கறீங்க."

"நீ செஞ்ச வேலைக்கு வேலையில்லாமப் போச்சேன்னு பேசற." அமுக்கினார்.

இயந்திரம் சொன்னபடி செய்தது. பிடில்களை உருவி எடுத்தது, பேச்சை விட்டது. பேசியது யார், என்ன பேச்சு என்பதெல்லாம் அதற்குக் கவலையில்லை. மறுநாள் காலை க்ளெய்ம் போயிருந்தது. வீடியோவில் ஒரு துணி சத்தமில்லாமல் மெதுவாக விழுந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால், தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெரியும்படி, 'தள்ளாதீங்க, டயர் அழுக்காயிடும்' என்று கேட்டது.

வள்ளல் குளித்துவிட்டு வருவதற்குள் அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் பலர் பரப்பிவிட்டார்கள். யாரோ அந்த வாக்கியத்துக்குத் தாளம் போட்டுப் பாட்டாக்கியிருந்தார்கள். பெட்டிக்கடையில் அவர் பால் பாக்கெட் கேட்டபோது, "சார், தொடாதீங்க, அழுக்காயிடும்" என்றான் கடைக்காரன்.

வீடியோவை மறைத்துவிடலாமா என்று அவர் யோசித்தது அரை நிமிடம். பிறகு எண்ணிக்கையைப் பார்த்தார். திட்டுவதற்கென்றே வந்தவர்கள் அழ வந்தவர்களைவிட அதிகம். விளம்பர வருமானம் முழுக்க இப்போது அவருக்கு. மறைக்கவில்லை.

சாயங்காலம் மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ எடுத்தார். சவரம் செய்யவில்லை, வேண்டுமென்றே. "இந்த வாரமே அந்த அம்மா கையில வண்டி" என்று காமிராவைப் பார்த்துச் சொன்னார். பதிவை எடிட்டர் மேசைமேல் வைத்தார்.

"இதுக்கு ஒரு மியூசிக் போடும்மா. சோகமா இருக்கணும், ஆனா நம்பிக்கையோட முடியணும். க்ளெய்ம் வரக் கூடாது."

"வண்டி வரட்டும், போடறேன்."

"அது தனி விஷயம்மா."

"ஒரே விஷயம்தான் மாமா."

"சொந்தம்னு வேலை குடுத்தேன் பாரு."

"அக்கா மேல சத்தியம் பண்ணதும் சொந்தம்தான்."

அவள் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு பையை எடுத்துக் கிளம்பினாள். மன்னிப்பு வீடியோ இசையில்லாமலே ஏறியது. வள்ளலின் குரல் மட்டும், சுத்தமாக. அதையும் லட்சக்கணக்கில் பார்த்தார்கள்.

அந்த வாரம் முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. முதல் காசு வந்தது, இரண்டாவதும் வந்தது. ஆபீசுக்குப் புது காமிரா வந்தது. படிக்கட்டில் இன்னும் அதே மூச்சிரைப்பு, தோளில் கேன், கூடுதலாக நாலு தெரு.

கேன் அம்மாவுக்கு ஒரு மூன்று சக்கர வண்டி பாக்கி.