நாலு நாலாக ஓடட்டும்

அன்று மத்தியானம் சங்ககிரி ஸ்டுடியோவில் இருந்தவர்கள்: முதலாளி சின்னுசாமி, புது மாப்பிள்ளை இளவழகன், நான், பதினாறு கோர் கம்ப்யூட்டர். உருப்படியாக வேலை செய்தது கடைசி ஆள் மட்டும்.

இளவழகன் ஓட்டும் ரிக் லாரி வாசலில் நின்றது. பொழுது சாய்வதற்குள் சத்தீஸ்கருக்குக் கிளம்புகிறது. போர்வெல் போட்டுத் திரும்ப மாதக்கணக்காகும். அந்தக் காட்டில் சிக்னல் கிடையாது. சுகன்யாவுடன் நடந்த கல்யாணம் முழுவதும் பென் டிரைவில் வேண்டும். சீர், முகூர்த்தம், வரவேற்பு என்று துண்டு துண்டாக எடுத்ததையெல்லாம் அவன் செல்போனில் ஓடுமாறு சுருக்கி என்கோட் செய்ய வேண்டும்.

நான்கு நான்காக ஓடவிட்டிருந்தேன். ஒன்று முடிந்தால் வரிசையில் அடுத்தது ஏறும். முன்பு லாரி புக்கிங் ஆபீஸ் நடத்திய சின்னுசாமிக்கு அது பொறுக்கவில்லை.

“ஏப்பா, பதினாறு வண்டி இருக்குது. பன்னெண்ட ஷெட்டுல நிறுத்திப்போட்டு நாலு ஓட்டுறியே?”

“அந்த நாலே பதினாறு கோரையும் இழுக்குதுங்ணா. மேல ஏத்துனா மெமரி பத்தாது. ஒண்ணு ஆறு ஜிபி தின்னும். இருக்கறதே முப்பத்திரண்டு.”

“செரி செரி.”

முடிந்த ஒன்று இளவழகனின் போனில் ஓடுகிறதா என்று வாசலில் நின்று சோதித்துவிட்டு வந்தேன். மவுஸ் நகரவில்லை.

“என்ன பண்ணுனீங்க?” என்று சின்னுசாமியைக் கேட்டேன்.

“பதினாறுன்னு மாத்துனேன். மெமரி பாதி காலியாத்தான கெடந்துச்சு!”

ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு வேலையும் காட்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மெமரியில் சேர்த்துக்கொண்டே போகும். காலி இடத்தைப் பார்த்து ஏற்றக் கூடாது. உச்சத்தில் எவ்வளவு தின்னும் என்று பார்த்து ஏற்ற வேண்டும். இதைப் போன வாரமும் சொன்னேன். மெமரி நிரம்பி டிஸ்க்கில் வழிந்து, கடைசியில் கம்ப்யூட்டரே வேலைகளை ஒவ்வொன்றாகக் கொன்றது. முன்பே முடிந்தவை பிழைத்தன. பாதியில் செத்த பைல் ஒன்றும் திறக்கவில்லை. அதில் முகூர்த்தமும் ஒன்று.

“தாலி கட்டுனதே இல்லீங்களா?” என்றான் இளவழகன்.

“மறுக்கா போட்டா வந்துரும். நாலு நாலாத்தான். நேரம் அதுக்குத்தான் இருக்குது, இன்னொருக்கா மெஷின் நின்னா பத்தாது.”

செத்தவற்றை மறுபடி வரிசையில் போட்டேன். சின்னுசாமி நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தார்.

“எட்டு போடு. உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், பாதி.”

“எட்டாறு நாப்பத்தெட்டுங்ணா!”

“இப்பப் பாரு, எவ்ளோ காலி…” கை மவுஸுக்குப் போனது.

இளவழகன் அந்தக் கையைப் பிடித்தான். “ஏனுங்க, ஒரு கம்ப்ரசர்ல ரெண்டு ரிக்கு ஓட்டுவீங்களா?”

“ஓட்டிப் பாத்தியா நீ?”

“அண்ணா, எந்திரிங்க. டீ வாங்கித் தாரேன்.”

“என் கடைப்பா இது!”

“ஆமாங்க, உங்க கடைதானுங்க.” தோளை அணைத்தபடி வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

“முடிஞ்சதும் பென் டிரைவ ஜன்னல் வழியாத் தாரேன்,” என்று இளவழகனிடம் சொன்னேன். முதலாளியின் இரண்டாவது கால் படியைத் தாண்டியதும் கதவைச் சாத்தி உள்பக்கம் தாழிட்டேன்.